ஆயாவின் செருப்பு: ஒரு கதையை எழுத வைத்தல்

(குறுவள மையக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



பிரேம்சந்த் 1933-இல் எழுதிய ‘ஈத்கா’ கதையை நீங்கள் அறிவீர்கள். பண்டிகைச் சந்தைக்குப் போகும் சிறுவன் ஹமீதின் கையில் மூன்று பைசாதான் இருக்கிறது. நண்பர்கள் மண் பொம்மைகள் வாங்குகிறார்கள். அவனோ ரொட்டி சுடும்போது பாட்டி அமீனாவின் விரல் சுடுகிறதே என்று இடுக்கி வாங்கிவருகிறான். அவன் காலிலும் செருப்பில்லை.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, ஏழாம் வகுப்பில் “ஆயாவின் தேய்ந்த செருப்பைப் பேரன் மாற்றுகிறான்” என்று எழுதச் சொன்னேன். பெரும்பாலும் “பேரன் புதுச் செருப்பு வாங்கினான், ஆயா மகிழ்ந்தார்” என்று இரண்டே வரியில் முடிந்துவிட்டது. ஹமீதின் கடைக்காரர் ஆறு பைசா கேட்டு, ஐந்துக்கு இறங்கி, பிறகுதான் மூன்றுக்குத் தருகிறார். அந்தப் பேரம் இல்லாவிட்டால் இடுக்கிக்கு ஏது மதிப்பு?

ஆகவே மூன்றே கேள்விகள் கேட்டேன். செருப்பு எங்கே தேய்ந்திருக்கிறது? ஆயாவுக்குத் தெரியாமல் அளவு எப்படி எடுத்தான்? காசு எப்படிச் சேர்ந்தது? விடையை வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். கற்பனை செய்யக் கூடாது என்றேன். கதைக்கு இப்படி ஒரு நிபந்தனையா என்று நீங்கள் சிரிக்கலாம்.

மறுநாள் வந்தவை வேறு கதைகள். ஒரு மாணவனின் கதையில், தாம்பரத்தில் பூ விற்கும் ஆயாவின் ரப்பர் செருப்பு குதிகாலில் காகிதம் போல் மெலிந்திருக்கிறது. வாரின் குமிழ் ஓட்டையை விட்டு வெளியே வந்துவிடுவதால், அடியில் ஊக்கு குத்தியிருக்கிறார். மழைநாளில் அந்த ஊக்கு துருப்பிடித்துக் காலைக் கீறுகிறது. பேரன் விடியற்காலையில், தூங்கும் ஆயாவின் பாதத்தில் ஈர்க்குச்சியை வைத்து, குதிகால் முதல் கட்டைவிரல் வரை அளந்து ஒடித்துக்கொள்கிறான். சண்முகம் சாலைக் கடைக்காரர் குச்சியைச் செருப்பின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, “காலையில எடுத்த அளவா? நாளெல்லாம் நடந்தா சாயங்காலம் கால் வீங்கும்டா. விரல் முன்னாடி கொஞ்சம் இடம் இருக்கட்டும்” என்று அடுத்த அளவைத் தருகிறார்.

இந்த வரியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் கடையில் நின்று கேட்டது.

முடிவில் அமீனாவைப் போலவே இந்த ஆயாவும் முதலில் திட்டுகிறார். “ஏன்டா, காசு என்ன மரத்துலயா காய்க்குது? இது இன்னும் ஒரு மழைக்குத் தாங்கும்” என்று புதுச் செருப்பைப் பையோடு பரணில் வைத்துவிடுகிறார். மறுநாள் காலை பழைய செருப்பைத் தேடுகிறார்; காணவில்லை. ஊக்கு மட்டும் சாமி படத்தடியில் இருக்கிறது.

“பழசை எங்கே போட்டான்?” என்று வகுப்பே கேட்டது. எழுதியவன் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.