க்ளெய்ம் ரிஜெக்ட் ஆச்சா? முதல்ல கேஸ் ஷீட்டை வாங்குங்க

இன்னைக்கு எங்க வீட்டுக் கதை.

2024 செப்டம்பர்ல அப்பாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். பில் 1,84,000 ரூபாய். பாலிசி எடுத்தது 2021 ஜூன்ல. ஒரு மாசம் கழிச்சு இன்சூரன்ஸ்ல இருந்து லெட்டர்: "பத்து வருட சர்க்கரை நோயை மறைத்துள்ளீர்கள், க்ளெய்ம் நிராகரிக்கப்படுகிறது."

அப்பாவுக்கு சுகர் வந்ததே 2023லதான். அப்போ பத்து வருஷம் எங்கிருந்து வந்துச்சு? டிஸ்சார்ஜ் சம்மரியில அப்படித்தான் டைப் ஆகியிருந்தது.

டிஸ்சார்ஜ் சம்மரிங்கிறது கடைசி நாள் யாரோ தொகுத்து டைப் பண்றது. அட்மிட் ஆன அன்னைக்கு டியூட்டி டாக்டர் கையால எழுதுற கேஸ் ஷீட்தான் மூலம். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுல எழுதிக் கொடுத்துக் கேட்டேன். 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்னு மருத்துவ கவுன்சிலோட 2002 விதிமுறையிலேயே இருக்கு. கேஸ் ஷீட்ல தெளிவா "1 வருடம்"னு இருந்தது. ஒரு பூஜ்யம் கூடிப்போச்சு, அவ்வளவுதான்!

இங்கே நிறைய பேர் ஒரு தப்பு பண்றாங்க. சம்மரியையே மாத்தி புதுசா வாங்கிடுறாங்க. பழைய காப்பி ஏற்கெனவே கம்பெனி கையில இருக்கு. புதுசைப் பார்த்தா திருத்தினதாத்தான் தோணும். நான் ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட தேதி, கையெழுத்து, முத்திரையோட ஒரு விளக்கக் கடிதம் மட்டும் வாங்கினேன். கூடவே 2023ல மாத்திரை ஆரம்பிச்ச முதல் சீட்டு, 2020ல எடுத்த நார்மல் சுகர் ரிப்போர்ட். பாலிசிக்கு முன்னாடி நோய் இல்லைங்கிறதுக்கு அந்த 2020 ரிப்போர்ட்தான் பலம்.

அடுத்து பாலிசி. 60 மாசம் தொடர்ந்து பிரீமியம் கட்டியிருந்தா, மோசடின்னு நிரூபிச்சாலொழிய மறைச்சீங்கன்னு கம்பெனி கேள்வியே கேட்க முடியாது. வேற கம்பெனியிலிருந்து போர்ட் பண்ணியிருந்தா பழைய வருஷங்களும் சேரும். எங்களுக்கு 39 மாசம்தான், அதனால அந்த ஷரத்து உதவல. ஆனா பாலிசி வாசகத்துல முன்பே இருந்த நோய்னா, பாலிசி தொடங்குறதுக்கு முன்னாடி டாக்டர் கண்டுபிடிச்சதோ சிகிச்சை கொடுத்ததோன்னுதான் வரையறை. அந்த வரியை அப்படியே எழுதி, பக்கத்துல 2023 சீட்டோட தேதியைப் போட்டேன். (நிஜமாவே மறைச்சிருந்தா இந்த வழி எடுபடாது.)

கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில். ரெண்டு வாரத்துல பழைய பதிலே வந்தது. அடுத்து இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்ல, 50 லட்சம் வரைக்கும் போகலாம். கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள்ள போகணும். கம்பெனி ஒரு மாசம் பதிலே சொல்லலைன்னாலும் போகலாம்.

விசாரணைக்கு முன்னாடியே கம்பெனி சமரசத்துக்கு வந்துச்சு. 1,77,600 அக்கவுண்ட்ல வந்தது. மீதி 6,400 க்ளவுஸ், சிரிஞ்ச் மாதிரி சாமான்களுக்காம். அது பாலிசியிலேயே விலக்கு, அதனால அதுக்கு நான் சண்டை போடல.