பேதி மாத்திரைக்கு அடுத்த நாள்



மலச்சிக்கலைப் பற்றி மேடையில் பேச வந்தால் முதலில் ஒரு சிரிப்பு எழும். சிரித்துவிட்டு அமைதியாகிவிடுவோம். ஏனென்றால் வீட்டில் யாராவது ஒருவர் இதற்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கடலூரிலும் சரி, சிதம்பரத்திலும் சரி, மெடிக்கலில் போய் "வெளிக்குப் போகல, ஒரு மாத்திரை கொடுங்க" என்று கேட்டால் கிடைத்துவிடுகிறது. அந்த மாத்திரை எந்த வகை, எத்தனை நாள் போடலாம் என்று நாம் கேட்பதும் இல்லை, பெரும்பாலும் யாரும் சொல்வதும் இல்லை. நான் இன்றைக்கு அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் எது மலச்சிக்கல்? தினமும் போகாவிட்டாலே மலச்சிக்கல் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை போகிறவரும் இயல்புதான், இரண்டு நாளைக்கு ஒருமுறை சிரமமில்லாமல் போகிறவரும் இயல்புதான். வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போனால், கட்டி கட்டியாக இறுகிப் போனால், முக்கி முக்கிப் போக வேண்டியிருந்தால், போன பிறகும் மீதி இருப்பதுபோல் தோன்றினால், அதுதான் மலச்சிக்கல். இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாதிப்பேருக்கு மாத்திரை தேவைப்படாது என்பது என் எண்ணம்.

மலமிளக்கிகளில் நமக்கு முக்கியமானவை மூன்று வகை. மூன்றும் வேலை செய்யும் விதம் வேறு வேறு.

ஒன்று, நார் வகை. இசப்கோல் உமி எல்லோருக்கும் தெரியும். அது தண்ணீரை உறிஞ்சி, ஊறிய சப்ஜா விதை மாதிரி கொழகொழவென்று உப்பி, மலத்துக்கு அளவும் மென்மையும் கொடுக்கிறது. பலன் தெரிய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். இதில் நடக்கிற தப்பு, தண்ணீர் போதாமல் குடிப்பது. ஒரு டீஸ்பூன் உமிக்கு ஒரு முழு டம்ளர் தண்ணீர், அதாவது சுமார் 250 மில்லி வேண்டும். கலந்த உடனே குடித்துவிட வேண்டும். கெட்டியாகும்வரை வைத்திருந்து விழுங்கினால் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளலாம். விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கும், படுக்கையில் இருப்பவர்களுக்கும் இது ஏற்றதல்ல.

இரண்டாவது, தண்ணீரை இழுக்கும் வகை. லாக்டுலோஸ் சிரப், பாலி எத்திலீன் கிளைகால் பவுடர், மில்க் ஆஃப் மக்னீசியா எல்லாம் இதில் சேரும். இவை குடலுக்குள் தண்ணீரைத் தக்கவைத்து மலத்தை இளக்குகின்றன, குடலை அடித்து விரட்டுவதில்லை. சிரப்புக்கும் பவுடருக்கும் ஒன்றிரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் பிடிக்கும். சிரப்பில் வயிறு உப்புசமும் வாயுவும் வரலாம். மக்னீசியா சில மணி நேரத்திலேயே வேலை செய்யும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தொடக்கூடாது, மக்னீசியம் உடம்பில் தேங்கிவிடும். நீண்ட நாள் மருந்து தேவைப்படுகிறவர்களுக்கு மருத்துவர்கள் முதலில் யோசிப்பது பெரும்பாலும் அந்தப் பவுடரையோ சிரப்பையோதான்.

மூன்றாவதுதான் நம் ஊரில் பேதி மாத்திரை என்று சொல்கிற வகை. பிசகோடைல், சோடியம் பிகோசல்பேட், சென்னா. இவை பெருங்குடல் தசையைச் சுருங்கச் செய்து தள்ளுகின்றன. விளக்கெண்ணெயும் இந்தக் கூட்டம்தான்.

சென்னா வேற்றூர்ச் சரக்கு என்று நினைக்காதீர்கள். நம் நிலாவாரை இலைதான் அது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வறண்ட நிலத்தில் விளைந்து கப்பலேறியதால், உலகச் சந்தையில் அதற்கு 'தின்னவேலி சென்னா' என்றே பெயர். அந்த இலையின் சத்து இரைப்பையில் எதுவும் செய்யாது. பெருங்குடல்வரை அப்படியே போய், அங்கே உள்ள பாக்டீரியாக்கள் அதை உடைத்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். அதனால்தான் ராத்திரி போட்டால் விடிகாலையில், 6 முதல் 12 மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்து இழுக்கிறது.

ஆகவே "இது மூலிகை, பக்கவிளைவு இல்லை" என்று கொடுக்கப்படும் சூரணத்தையும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். டப்பாவின் பின்பக்கத்தில் நிலாவாரை, நிலாவாகை, சென்னா, சோனாமுகி, ஸ்வர்ணபத்ரி என்று எது இருந்தாலும் அதுவும் பேதி மாத்திரையின் இனம்தான். எழுத்து பொடியாக இருந்தால் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மாத்திரையும் சூரணமும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரே மருந்தை இரண்டு மடங்கு சாப்பிடுகிறோம் என்பதை அறிவதே இல்லை.

இப்போது பழக்கம் எப்படி உண்டாகிறது என்பதைப் பார்ப்போம். உதாரணத்துக்குக் கடலூர் முதுநகரில் 64 வயது அம்மா ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.பி.க்கு மாத்திரை, கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை. சிதம்பரத்தில் மகள் வீட்டுக்குப் பஸ்ஸில் போக வேண்டும், வழியில் இறங்க முடியாதே என்று தண்ணீரே குடிக்கவில்லை. (நம் பெண்கள் பலர் செய்வது இது.) இரண்டு நாள் போகவில்லை. திங்கள் ராத்திரி 5 மில்லிகிராம் பிசகோடைல் ஒன்று போட்டார். செவ்வாய் காலை மூன்று தடவை போனது. நல்ல நிம்மதி.

புதன்கிழமை போகவில்லை. வியாழனும் போகவில்லை. அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. அன்று ராத்திரி இரண்டு மாத்திரை போட்டார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். பெருங்குடலைப் பானை என்று நினைத்துக்கொள்ளுங்கள். இயல்பாகப் போகும்போது அதன் கடைசிப் பகுதிதான் காலியாகிறது. பேதி மாத்திரையோ பானையைக் கவிழ்த்துவிடுகிறது. திரும்ப நிறைய இரண்டு மூன்று நாள் ஆகும். புதனும் வியாழனும் போகாதது நோய் இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். அந்த வெற்று நாளைத்தான் அவர் மலச்சிக்கல் என்று எடுத்துக்கொண்டார். வாரத்துக்கு ஒன்று என்றிருந்தது வாரத்துக்கு மூன்றாகி, ஆறு மாதத்தில் தினம் ராத்திரி இரண்டு என்று ஆகிவிடும்.

இதனால் என்ன கெடுதல்? "குடல் நரம்பே செத்துப்போகும்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். சரியான அளவில் போடுகிறவர்களுக்கு அப்படி ஆகிறது என்பது நிரூபிக்கப்படவில்லை. சென்னா நெடுநாள் சாப்பிட்டால் குடலின் உட்சுவர் கருப்பாகும், அது உண்மை. ஆனால் அது கெடுதல் செய்வதில்லை, நிறுத்தினால் சில மாதங்களில் மறைந்துவிடும். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தளதளவென்று போகும் ஒவ்வொரு முறையும் தண்ணீரோடு பொட்டாசியம் என்ற உப்பும் வெளியேறுகிறது. இந்த அம்மா சாப்பிடும் நீர் மாத்திரையும் சிறுநீர் வழியாக அதையே வெளியேற்றுகிறது. இரத்தத்தில் பொட்டாசியம் 3.5க்குக் கீழே இறங்கினால் உடம்பு அசதி, கெண்டைக்காலில் இழுப்பு, படபடப்பு வரலாம். இன்னும் இறங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். வேடிக்கை என்னவென்றால், பொட்டாசியம் குறைந்தால் குடல் தசையும் சோர்ந்துவிடும். மலச்சிக்கல் கூடும். அம்மா மூன்றாவது மாத்திரையைத் தேடுவார்.

இன்னொரு ஆபத்து, காரணம் மறைந்துபோவது. தைராய்டு குறைவு, சர்க்கரை நோய், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, டிரமடால் போன்ற வலி மாத்திரை, கோடீன் உள்ள இருமல் மருந்து, இவை எல்லாமே மலச்சிக்கல் தரும். சிலருக்குக் குடலில் கட்டியும் இருக்கலாம். தினமும் மாத்திரை போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தால் இவை எதுவும் தெரியவராது.

அதற்காகப் பேதி மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. எப்போதாவது ஒருநாள் போடுவதில் தப்பில்லை. படுக்கப்போகும் முன் ஒன்று, உடைக்காமல் மெல்லாமல் விழுங்க வேண்டும். பிசகோடைல் என்றால் அதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் பால், அல்சருக்கான அமில முறிவு மருந்து இரண்டும் வேண்டாம். மாத்திரையின் மேல்பூச்சு இரைப்பையிலேயே கரைந்து வலி கொடுக்கும். மறுநாள், அதற்கு மறுநாள் போகாவிட்டால் பொறுத்திருங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவரைப் பார்க்காமல் தொடராதீர்கள். குழந்தைகளுக்குப் பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு விளக்கெண்ணெய் கூடவே கூடாது.

பழகிப்போனவர்கள் எப்படி விடுவது? திடீரென்று நிறுத்தினால் நாலு நாள் அவதிப்பட்டு மறுபடி பிடித்துக்கொள்வார்கள். அந்த அம்மாவுக்கு மருத்துவர் முதலில் பொட்டாசியம், தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனைகள் எழுதுவார். பிறகு பாலி எத்திலீன் கிளைகால் பவுடர் போன்ற ஒன்றைத் தினமும் தொடங்குவார். சாதாரணமாக 17 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில். அது பிடிபட்ட பிறகு பேதி மாத்திரை இரண்டு ஒன்றாகும், பிறகு ஒன்றுவிட்ட ராத்திரி, கடைசியில் மூன்று நாள் போகாவிட்டால் மட்டும் ஒன்று. சில வாரங்கள் பிடிக்கும். கூடவே காலைச் சாப்பாடு முடிந்த அரைமணிக்குள் போய் உட்காரச் சொல்வார். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையும் நேரம் அது. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொண்டால் முழங்கால் உயர்ந்து குந்தி உட்காருவதுபோல் ஆகும், முக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் போதும். போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் பத்து நிமிடம் நாற்பது நிமிடமாகி மூலம் வரும்.

மலச்சிக்கலோடு வயிறு வீங்கி, வாந்தி எடுத்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் எந்த மலமிளக்கியும் கொடுக்காதீர்கள். குடல் அடைப்பாக இருக்கலாம், பேதி மாத்திரை நிலைமையை மோசமாக்கும். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, 50 வயதுக்குப் பிறகு புதிதாக வந்த மலச்சிக்கல் என்றால் தள்ளிப்போடாமல் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டுங்கள். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 104 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். இ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேசலாம். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் பி.பி., சர்க்கரை மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும்போதும் சொல்லலாம்.

யாரிடம் பேசுவதானாலும், அதற்கு முன் வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், சிரப் பாட்டிலையும், சூரண டப்பாவையும் பெயர் தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எந்த ராத்திரி எத்தனை போட்டோம், எந்தக் காலையில் போனது என்று இரண்டு வாரத்துக்குப் போனிலேயே குறித்து வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.