பாய் விற்பதற்கு முன் தறியைக் காட்டுவோம்

(நமது அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தமடைப் பாய் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் பெயர் போட்டுப் பாய் நெய்து கொடுப்பது நம் வீடுகளில் இன்றும் உண்டு. ஆனால் நெய்கிற பெண்ணின் கையில் என்ன நிற்கிறது என்று கேட்டால் யாரும் மனம் நிறைந்து பதில் சொல்வதில்லை. இயந்திரத் தறியில் நெய்த கோரைப் பாயும் பிளாஸ்டிக் பாயும் கடையில் பாதி விலைக்குக் கிடக்கும்போது, வாரக்கணக்கில் உட்கார்ந்து நெய்த பட்டுப் பாயின் விலையை வாங்க வருபவர் ஏற்றுக்கொள்வதில்லை. காரணம், அவர் பார்ப்பது பாயை மட்டும்தான். அது உருவான விதத்தை அவர் பார்த்ததே இல்லை.

நெய்யும் அந்த வேலையைப் பார்ப்பதற்கே ஒருவர் கட்டணம் கொடுத்து வருவார் என்பதுதான் இன்று நான் பேச வந்த விஷயம். திருநெல்வேலியிலிருந்து மணிமுத்தாறு, பாபநாசம் பக்கம் போகும் குடும்பங்கள் நம் ஊர் வழியாகத்தான் போகின்றன. அவர்களில் சிலரை அரை நாள் இங்கே நிறுத்த முடியுமானால், பெரிய முதல் இல்லாமல் ஒரு தொழில் நடக்கும்.

வருபவருக்கு எதைக் காட்டுவது? நமக்குப் பழகிப்போனதுதான் அவருக்குப் புதிது. தாமிரபரணிக் கரையில் கோரை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கலாம். பச்சையாக அறுத்த கோரையைக் கத்தியால் கீறி, உள்ளே இருக்கும் சோற்றை நீக்கி, மெல்லிய இழைகளாக வகிர்வதை ஒரு வீட்டில் காட்டலாம். பிறகு காயவைப்பது, ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறப்போடுவது, மறுபடி காயவைப்பது, சாயம் ஏற்றுவது. கடைசியில் தறி. பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, குச்சியின் நுனியில் கோரையைக் கோத்து ஊடே செலுத்தி, அச்சால் இறுக்குவது. முரட்டுப் பாய்க்கும் நூறு எண்ணுக்கு மேற்பட்ட பட்டுப் பாய்க்கும் உள்ள வித்தியாசத்தை வாயால் சொன்னால் புரியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, பட்டுப் பாயைத் துணி போல் மடித்துக் காட்டினால் ஒரு நொடியில் புரியும். அதோடு கடையில் வாங்கிய இயந்திரப் பாய் ஒன்றையும் வைக்க வேண்டும். அதன் இழைகள் எல்லாம் ஒரே தடிமனில் இருக்கும். கையால் வகிர்ந்த கோரையில் நிறமும் தடிமனும் இழைக்கு இழை சற்று மாறும். இதைக் கண்ணால் பார்த்தவர் பிறகு விலை பேசும் விதமே வேறு.

இப்போது கணக்குக்கு வருவோம். நான் சொல்வது ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் தெருவின் கூலிக்கும் விலைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆறு பேர் வருகிறார்கள், காலை ஒன்பதரையிலிருந்து ஒன்றரை வரை, மதியச் சாப்பாட்டுடன் ஆளுக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரவு 4,800. தறி வீட்டுக்கு 700, கோரை வகிரும் வீட்டுக்கு 400, கூட்டிச் செல்பவருக்கு 900, தொலைபேசி, தண்ணீர், துண்டுக் காகிதம் போன்ற சில்லறைச் செலவுக்கு 300. இந்த 2,300 ரூபாய் எத்தனை பேர் வந்தாலும் மாறாது. ஆற்றங்கரைக்குப் போய்வர இரண்டு ஆட்டோவுக்கு 600. சாப்பாடு ஆளுக்கு 200 வீதம் 1,200. ஆக 4,100. மீதி 700 ரூபாயில், வரவில் பத்தில் ஒரு பங்கான 480 ரூபாயைச் சேமிப்பாக ஒதுக்கினால் கையில் நிற்பது 220.

இதே பயணத்துக்கு நான்கு பேர் மட்டும் வந்தால் என்ன ஆகும்? வரவு 3,200. மாறாத செலவு 2,300, ஆட்டோ 600, சாப்பாடு 800. மொத்தம் 3,700. அந்த நாளில் 500 ரூபாய் நட்டம். ஐந்து பேர் வந்தால் 4,000 வரவு, 3,900 செலவு. அப்போதுதான் முட்டிக்கு முட்டி சரியாகும். ஆகவே தலைக்கு இவ்வளவு என்று மட்டும் அறிவிக்கக் கூடாது. ‘ஒரு குழுவுக்குக் குறைந்தது 4,000 ரூபாய், அதற்கு மேல் ஆளுக்கு 800’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு வரியைச் சொல்லக் கூச்சப்பட்டால், விருந்தாளி வரும் நாளெல்லாம் கையைக் கடிக்கும். நட்டம் வரும்போது முதலில் குறைக்கப்படுவது தறி வீட்டுப் பணம்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தத் தறி வீட்டுப் பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல ஊர்களில் இப்படிப்பட்ட முயற்சி கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். ‘உன் வீட்டுக்கு ஆள் கூட்டி வருகிறேன், பாய் விற்றால் உனக்கு லாபம்’ என்று சொல்லி, தறிக்கு எதுவும் கொடுக்காமல் விடுவார்கள். ஆறு பேர் வந்து கேள்வி கேட்டு, தொட்டுப் பார்த்து, நெய்து பழகி எழுந்து போகும்போது அந்தப் பெண்ணுக்கு அரை நாள் வேலை போயிருக்கும். பாய் விற்காவிட்டால் அந்த அரை நாளுக்கு யார் பொறுப்பு? வேலை செய்தவரின் கூலியை வியர்வை உலர்வதற்குள் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதல் இங்கே அப்படியே பொருந்தும். விருந்தாளி வாசல் தாண்டுவதற்கு முன், பாய் விற்றாலும் விற்காவிட்டாலும், பேசிய பணம் அந்தப் பெண்ணின் கையில் இருக்க வேண்டும். அது அரை நாள் கூலிக்குக் குறையவும் கூடாது. பாய் விற்றால் அந்த விலை முழுவதும் நெய்தவருக்கே. கூட்டிச் செல்பவருக்கு அதில் கமிஷன் கிடையாது. கமிஷன் வைத்தால், அதிகக் கமிஷன் தரும் வீட்டுக்கே ஆட்கள் போவார்கள். ஓரத்தில் இருக்கும் விதவையின் தறிக்கு யாரும் போக மாட்டார்கள்.

இதைத் தடுக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, வந்தவர் எண்ணிக்கை, எந்த வீடு, கொடுத்த தொகை, வாங்கியவர் கையெழுத்து. மாதக் கடைசியில் ஒரே வீட்டின் பெயர் நான்கு தடவை வந்து, மற்ற வீடுகள் ஒரு தடவையும் வராமல் இருந்தால் எங்கோ தவறு நடக்கிறது என்று பொருள். இன்னொரு அடையாளமும் உண்டு. முன்பு மாதம் நான்கு பாய் இறங்கிய தறியில் இப்போது இரண்டுதான் இறங்குகிறது என்றால், அந்த வீட்டுக்கு ஆட்களை அனுப்புவது அதிகமாகிவிட்டது. தறி நின்றுபோனால் காட்டவும் எதுவும் இருக்காது. ஒரு வீட்டுக்கு வாரம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

அடுத்து, தாய்மார்கள் மனதில் இருக்கும் கேள்வி. ‘அந்நிய ஆண்கள் வீட்டுக்குள் வந்து பெண்கள் நெய்வதைப் பார்ப்பதா?’ நியாயமான கேள்வி. வீட்டுக்குள் வர வேண்டிய அவசியமே இல்லை. வெளித் திண்ணையிலோ பொதுவான கூடம் ஒன்றிலோ ஒரு தறியைப் போட்டுக்கொள்ளலாம். பெண் விருந்தாளிகளை மட்டும் ஒரு பெண்ணே உள்ளே அழைத்துப் போகலாம். ஆண்களுக்கு ஊரில் நெய்யும் பெரியவர் ஒருவர் கூடத்தில் நெய்து காட்டலாம். புகைப்படத்துக்கு ஒரே விதி: கையையும் பாயையும் எடுக்கலாம், முகத்தை எடுக்கக் கூடாது. இதை வந்த பிறகு சொன்னால் மனக்கசப்பு வரும். பணம் கட்டும்போதே எழுதிக் கொடுத்துவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சாப்பாட்டில் நமக்குக் குறை சொல்ல ஆள் கிடையாது. நெய்ச்சோறு, தால்சா, கோழி சால்னா போதும். பத்து வகை வேண்டாம். ஆனால் வருபவர்களில் பாதிப் பேர் சைவமாக இருக்கலாம். அவர்களுக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி வைத்துச் சமைத்து, அதை அவர்களிடம் சொல்லவும் வேண்டும். பணம் வாங்கிச் சாப்பாடு போடும் வீடு, சிறியதே ஆனாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வந்தவர் பயன்படுத்தக்கூடிய சுத்தமான கழிப்பறை ஒன்று இல்லாமல் தொடங்கவே வேண்டாம். நெசவு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது இல்லாத இடத்துக்குப் பெண்கள் இரண்டாம் முறை யாரையும் அனுப்ப மாட்டார்கள். இரவு தங்கவைப்பதையும் இப்போது நினைக்க வேண்டாம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது போன்ற பொறுப்புகள் அதில் உண்டு.

எல்லா நாளும் இது நடக்காது என்பதையும் ஒத்துக்கொள்வோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கோரை காயாது; ஆற்றங்கரைக்கும் போக முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் வேண்டாம். ரமளானில் மூடிவிடலாம். ஆகவே இது நெசவுக்குத் துணையாக வரும் வருமானம். இதை நம்பித் தறியை விடக் கூடாது.

முதல் எங்கிருந்து வரும்? பழகுவதற்கு ஒரு சின்னத் தறி, உட்கார மணைகள், தண்ணீர்ப் பாத்திரம், முதலுதவிப் பெட்டி, அறிவிப்புப் பலகை. எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்க்குள் முடிக்கலாம் என்பது என் கணக்கு. இதற்கு வட்டிக்குக் கடன் வாங்க வேண்டாம். நம் பைத்துல்மாலிலிருந்து அழகிய கடனாகக் கொடுக்க முடியும். ஒவ்வொரு பயணத்திலும் ஒதுக்கும் 480 ரூபாயைக் கொண்டு ஏறக்குறைய 31 பயணங்களில் கடன் அடையும். பருவகாலத்தில் வாரம் இரண்டு குழு வந்தால் நான்கு மாதம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படி சூரா அல்பகராவில் அல்லாஹ் கட்டளையிட்டிருக்கிறான். சொந்தக்காரர்களுக்குள் என்றாலும் எழுதியே கொடுப்போம்.

முதல் மூன்று தடவை பணம் வாங்க வேண்டாம். சென்னையிலும் மதுரையிலும் இருக்கும் நம் உறவினர்களையே வரவழைத்து, கடிகாரத்தை வைத்து நடத்திப் பாருங்கள். எங்கே சலிப்பு வந்தது, எங்கே வெயில் தாங்கவில்லை, எந்த இடத்தில் கேள்விகள் குவிந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு விலை சொல்லுங்கள்.

தறி வீடாக இருக்க விரும்பும் தாய்மார்கள், சமைக்க விரும்புவோர், அழைத்துச் செல்ல விரும்பும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். நம் பெண்களின் கை உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.