யாத்திரைப் பேருந்தில் ஏறுமிடம் எது?

(பங்குனி உத்திர யாத்திரைக்கு முன்னதாக ஆலய மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பகாங் மாநிலத்து மாரானில் எழுந்தருளியிருக்கும் மரத்தாண்டவரைப் பங்குனி உத்திரத்தில் தரிசிக்க, ஜொகூரிலிருந்து பேருந்துகளில் அடியார்கள் புறப்படுவது நீண்டநாள் வழக்கம். பேருந்து பெரும்பாலும் முதல்நாள் இரவில் கிளம்பும். பால்குடத்திற்கான பாலையும் பூசைப் பொருள்களையும் சுமந்து, விரதமிருந்த உடம்போடு முதியவர்கள் சாலையோரத்தில் காத்திருப்பார்கள். அவர்கள் காத்திருக்கும் இடமும் பேருந்து நிற்கும் இடமும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உறுதி என்ன? இன்றைய உரை அதைப் பற்றியது.

அறிவிப்புத் தாளில் "ஏறுமிடம்: ஸ்கூடாய்" என்று அச்சாகியிருந்தால், அஃது இடத்தைக் குறிக்கவில்லை, வட்டாரத்தையே குறிக்கிறது. ஸ்கூடாய்ப் பட்டணம் என்பது ஒன்று. தாமான் ஸ்ரீ ஸ்கூடாய் வேறு, தாமான் ஸ்கூடாய் பாரு வேறு. நெடுஞ்சாலையின் ஸ்கூடாய் டோல் சாவடி இன்னொன்று. அங்கே மூட்டையோடு நின்று பேருந்தேற இயலாது என்றாலும், "டோல் பக்கம்" என்று சொல்லும் வழக்கம் மட்டும் போகவில்லை. ஜாலான் ஸ்கூடாயோ ஸ்கூடாயோடு நிற்பதில்லை. அது ஜொகூர் பாருவில் டாங்கா பே கடலோரத்தையும் ஒட்டிச் செல்லும் சாலை. வாடகைக் காரோட்டியிடம் "ஜாலான் ஸ்கூடாய்" என்று ஒரு சொல்லைக் கூட்டிச் சொன்ன குற்றத்திற்காக ஒருவர் கடற்கரையில் போய் இறங்க நேரலாம்.

முகவரியில் அஞ்சல் எண் இருக்கிறதே என்பார்கள். தாமான் ஸ்ரீ ஸ்கூடாய், தாமான் ஸ்கூடாய் பாரு, தாமான் உங்கு துன் அமினா, தாமான் யுனிவர்சிட்டி ஆகிய நான்கிற்கும் எண் 81300தான். ஆகவே கடிதத்திற்கு உதவும் அந்த எண் பேருந்திற்கு உதவாது. "புலாய்" என்ற பெயரும் இப்படியே: தாமான் ஸ்ரீ புலாய், தாமான் ஸ்ரீ புலாய் பெர்டானா, தாமான் புலாய் உத்தாமா என அது பலவாகப் பிரிந்து கிடக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினருக்கு "சென்ட்ரலில் நில்லுங்கள்" என்று செய்தி அனுப்பினால் குழப்பம் இன்னும் பெரிது. ஜேபி சென்ட்ரல் குடிநுழைவு வளாகத்தோடு இணைந்த இரயில் நிலையம். லார்க்கின் சென்ட்ரல் தொலைதூரப் பேருந்துகளின் நிலையம். ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு நடந்து செல்ல முடியாது.

இவற்றுள் மிகுதியும் தவறு நேர்வது "யுனிவர்சிட்டி" என்ற சொல்லில்தான். ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் செல்லும் சாலையின் ஒருபுறம் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். மறுபுறம் தாமான் யுனிவர்சிட்டி குடியிருப்பு. ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்க. குழுவின் செயலாளர் தாமான் யுனிவர்சிட்டிக் கடைவரிசையை மனத்தில் வைத்து, "யுனிவர்சிட்டியில் இரவு 10.30" என்று அந்த வீட்டுத் தாயாரிடம் தொலைபேசியில் சொல்கிறார். தாயார் அதையே மகனிடம் சொல்கிறார். மகன் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அவருக்கு அச்சொல் பல்கலைக்கழக வாயிலையே குறிக்கும். தாயாரை வாயிலில் இறக்கிவிட்டு, "அம்மா, இங்கேதான் வரும்" என்று சொல்லி அவர் வீடு திரும்புகிறார். இதில் எவரும் பொய் சொல்லவில்லை. எவரும் கவனமின்றி இருக்கவுமில்லை. 10.30க்குத் தாயார் பேசுகிறார்: "தம்பி, நான் யுனிவர்சிட்டியில்தான் நிற்கிறேன்." செயலாளரின் விடை: "நாங்களும் அங்கேதானே அம்மா இருக்கிறோம்!" ஒரே சொல்லை இருவரும் திரும்பத் திரும்பச் சொல்வதில் கால் மணி நேரம் கழிகிறது.

முன்னதாக உறுதிசெய்யும்போதும் இதே தவறு நிகழ்கிறது. "யுனிவர்சிட்டிதானே?" என்று கேட்டால் "ஆமாம்" என்ற விடையே வரும், அந்த ஆமாமினால் பயனில்லை. கேட்பவர் பெயரைத் தாமே எடுத்துக் கொடுக்காமல், "அம்மா, எந்த இடத்தில் நிற்பீர்கள்? எதிரில் என்ன தெரியும்?" என்று வினவி, மறுமுனையில் இருப்பவரையே சொல்லவைக்க வேண்டும். "எதிரில் பல்கலைக்கழக வாயில் தெரியும்" என்று தாயார் சொல்லியிருந்தால் பிழை அந்த நொடியே வெளிப்பட்டிருக்கும். அடையாளமாகச் சொல்லப்படுவது அந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றாக இருத்தல் வேண்டும். பெட்ரோல் நிலையம், வங்கி, மாமாக் கடை ஆகியவை தாமான்தோறும் உள்ளவை. ஓர் ஆலயமோ, பள்ளியோ, கடையின் முழுப் பெயரும் கதவு எண்ணுமோ நல்லது. சாலைப் பெயராயின் எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஜாலான் கெபுடாயான் 1 என்பதும் 2 என்பதும் ஒன்றல்ல.

அடுத்தது, சாலையின் எந்தப் பக்கம் என்பது. ஸ்கூடாய் நெடுஞ்சாலை நடுவே தடுப்பு வைத்துப் பிரிக்கப்பட்டது. ஒரு பக்கம் செனாய், கூலாய் நோக்கியும் மறுபக்கம் ஜொகூர் பாரு நோக்கியும் ஓடுகிறது. பேருந்தைக் கண்ணால் கண்டும் அதை அடைய முடியாத நிலை இங்கேதான் உண்டாகும்; மேம்பாலம் ஏறி இறங்க முதியவருக்கு நேரம் போதாது, பேருந்து வளைந்து வரவும் நெடுந்தொலைவு போக வேண்டும். ஆதலால் "எந்தத் திசையில் போகும் பேருந்து?" என்ற வினாவையும் விடாமல் கேட்பது நலம்.

இக்காலத்தில் கைப்பேசியில் இடக்குறி அனுப்புகிறார்கள். நல்ல வசதிதான், ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. வாட்ஸ்அப்பில் "Send your current location" என்பதைத் தொட்டால், அனுப்புபவர் அப்பொழுது இருக்கும் இடமே செல்லும். செயலாளர் தம் வீட்டு நாற்காலியில் அமர்ந்து அதை அனுப்பினால், நாற்பது பேருக்கும் அவருடைய வீடே ஏறுமிடமாகக் காட்டும். ஏறுமிடத்திற்கே சென்று நின்று அனுப்புவதே பிழையில்லாத வழி. பேருந்து நிற்கப்போகும் ஓரத்தின் படம் ஒன்றையும் பகல் வெளிச்சத்தில் எடுத்துச் சேர்த்தால், வரைபடம் பார்க்கத் தெரியாத பாட்டிமார்க்கும் விளங்கும்.

வண்டி எண்ணை முன்கூட்டியே கேட்டுத் துன்புறுத்துவதில் பயனில்லை. எந்த வண்டி என்பதைப் பேருந்து நிறுவனங்கள் பலவேளை கடைசி நாளில்தான் முடிவு செய்யும். புறப்படும் நாள் மாலையில் வண்டி எண், ஓட்டுநரின் தொலைபேசி எண், வண்டியில் வரும் தொண்டரின் எண் ஆகிய மூன்றையும் பெற்று, தாளில் எழுதி முதியவரின் பையில் வைத்தல் வேண்டும். திருவிழா இரவில் ஒரே இடத்தில் பல யாத்திரைக் குழுக்களின் பேருந்துகள் நிற்கக்கூடும். "மாரான்" என்று கண்ணாடியில் ஒட்டியிருப்பதை மட்டும் நம்பி ஏறிவிடலாகாது.

பலரும் கேட்க மறப்பது நிறுத்தங்களின் வரிசை. லார்க்கின், பின்னர் துன் அமினா, பின்னர் தாமான் யுனிவர்சிட்டி என்று பேருந்து வருவதாகக் கொள்க. துன் அமினாவில் தவறவிட்டவரை மகன் காரில் ஏற்றிக்கொண்டு யுனிவர்சிட்டியில் பிடித்துவிடலாம். கடைசி நிறுத்தத்தில் தவறவிட்டவருக்கு அந்த வாய்ப்பில்லை. பேருந்து நெடுஞ்சாலை ஏறிய பின் அடுத்து நிற்பது மச்சாப் போன்ற ஓய்விடத்திலேயே. எனவே தனியாக வரும் முதியவர்களைக் கடைசி நிறுத்தத்திற்குப் பதிவு செய்யாமல் முந்தைய நிறுத்தத்தில் ஏற்றுவது குழுவினர் எளிதில் செய்யக்கூடியது. கொண்டுவந்து விடும் மகனோ மருமகளோ, பேருந்தின் கதவு மூடும்வரை அங்கேயே நிற்க வேண்டும். தொண்டரும் பெயர்ப் பட்டியலை நிறுத்தவாரியாகப் பிரித்துக் கையில் வைத்திருந்தால், ஒருவர் குறையும்போது அவர் எந்த ஊர்ப் பெயரை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்று ஊகித்து, முதல் அழைப்பிலேயே "எதிரில் என்ன தெரிகிறது, அம்மா?" என்று கேட்க முடியும்.

இவ்வாண்டுப் பதிவுப் படிவத்தில் ஏறுமிடத்திற்கு ஒரு வரி மட்டுமே விடப்பட்டிருக்கிறது. அதன்கீழ் அடையாளம், திசை, கொண்டுவந்து விடுபவரின் தொலைபேசி எண் ஆகியவற்றிற்கு மேலும் மூன்று வரிகள் சேர்த்து அச்சிடுமாறு குழுவினரைக் கேட்டுக்கொண்டு உரை நிறைவுறுகிறது.