அட்டையின் ஓரத்தில் இருக்கும் எண்



இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். இன்று உங்களோடு ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒரு மருந்தின் ஒரு பேட்ச் சரியில்லை என்று தெரிந்ததும், அதை வாங்கிச் சென்றவர்களுக்கும் எழுதிக்கொடுத்த மருத்துவர்களுக்கும் நாங்கள் அனுப்புகிற திரும்பப் பெறும் அறிவிப்புதான் அந்தக் கடிதம். அரைப்பக்கம்கூட வராது. ஆனால் அதில் ஒரு வாக்கியம் தவறினால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்தவன்.

பேட்ச் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே கலவையில், ஒரே ஓட்டத்தில் செய்யப்பட்ட மாத்திரைகள் எல்லாம் சேர்ந்து ஒரு பேட்ச். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதே கணக்குதான். அந்தப் பேட்சிலிருந்து எடுத்த சில மாத்திரைகள் பரிசோதனையில் தேறவில்லை என்றால், முழு பேட்சையும் திரும்ப எடுத்துவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியவேளை. கார்பமசிபைன் 200 மில்லிகிராம் மாத்திரையின் ஒரு பேட்சைத் திருப்பி அனுப்பச் சொல்லி விநியோகஸ்தரிடமிருந்து தகவல் வந்தது. கார்பமசிபைன் வலிப்பு வராமல் காக்கும் மருந்து. கரைதல் சோதனையில் அந்தப் பேட்ச் தோற்றிருந்தது.

இந்தச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் குடுவையில் 900 மில்லிலிட்டர் திரவம் இருக்கும். அது 37 டிகிரியில், அதாவது நம் உடம்புச் சூட்டில் இருக்கும். மாத்திரையை அதில் போட்டு, ஒரு துடுப்பு ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, குறிப்பிட்ட நேரங்களில் கொஞ்சம் திரவம் எடுத்து மருந்து எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளப்பார்கள். கார்பமசிபைன் இயல்பிலேயே தண்ணீரில் லேசில் கரையாத பொருள். அதோடு ஈரக்காற்று பட்டால் அதன் படிகம் நீரைச் சேர்த்துக்கொண்டு வேறு வடிவத்துக்கு மாறும், மாத்திரை இறுகும். அப்படி ஈரம் ஏறிய மாத்திரை தன் பலனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இழக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே எச்சரித்திருக்கிறது. மருந்தைக் குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மாத்திரைக்குள் 200 மில்லிகிராம் மருந்து முழுசாக இருக்கும். பார்வைக்கும் நன்றாகவே இருக்கும். ஆனால் வயிற்றுக்குள் போனபின் சரியாகக் கரையாததால் ரத்தத்துக்குப் போய்ச் சேருவது குறைவு. நோயாளிக்கு எதுவும் தெரியாது. நாள் தவறாமல் சாப்பிட்டும் ஒருநாள் வலிப்பு வந்து நிற்கும்.

தகவல் வந்தவுடன் செய்ய வேண்டியவற்றைச் செய்தோம். அலமாரியில் இருந்த அட்டைகளை எடுத்துத் தனி பீரோவில் வைத்துப் பூட்டி, சிவப்புத் தாள் ஒட்டினோம். வார்டுகளுக்குப் போன் போட்டு அங்கே இருந்தவற்றையும் வரவழைத்தோம். அப்புறம் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

நான் எழுதிய வாக்கியம் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. ‘மேற்கண்ட பேட்ச் மாத்திரைகள் தரக்குறைவானவை எனக் கண்டறியப்பட்டுள்ளதால், அவற்றைப் பயன்படுத்துவதை உடனடியாக நிறுத்தவும்.’ இலக்கணப் பிழை கிடையாது. அலுவலக மொழிக்கும் பொருத்தம்தான். அன்று மாலையே முதல் ஒன்பது பேருக்கு அது போய்விட்டது.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் தையல் வேலை செய்யும் ஒரு தாய். கடிதத்தில் சொன்னபடியே நிறுத்திவிட்டார். ஊர் தொலைவு, அடுத்த நாள் பஸ் கிடைக்கவில்லை, மாற்று மாத்திரை வாங்க வர முடியவில்லை. இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்ட நிலையில் ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். தேறிவிட்டார். ஆனால் அவர் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த என் கடிதத்தை அவருடைய கணவர் எடுத்துக் காட்டினார். “சார், நீங்க நிறுத்தச் சொன்னீங்க, அவ நிறுத்துனா” என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னார்.

வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், சில சமயம் விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். கடிதம் எழுதும்போது மாத்திரையை நினைத்தேன், அதைச் சாப்பிடுகிறவரை நினைக்கவில்லை. அரைகுறையாகக் கரையும் மாத்திரைகூட ஒன்றுமே இல்லாததைவிட அவருக்கு மேல்.

எங்கள் நரம்பியல் மருத்துவரும் நானும் அன்றிரவே உட்கார்ந்து கடிதத்தைத் திருத்தினோம். திருத்திய கடிதத்தின் முதல் வரி இது: ‘மாற்று மாத்திரை உங்கள் கைக்கு வரும்வரை, இப்போது இருப்பதையே வழக்கமான அளவில் சாப்பிடுங்கள். நிறுத்த வேண்டாம். இரண்டாகவும் சாப்பிட வேண்டாம்.’ எந்த மாத்திரை, எந்த பேட்ச் என்பது அடுத்த வரியில்தான் வந்தது. என்ன கோளாறு என்பதை ‘இந்த மாத்திரை வயிற்றில் சரியாகக் கரைவதில்லை, அதனால் பலன் குறையலாம்’ என்று ஒரே வரியில் சொன்னோம். வர முடியாதவர்களுக்கு மருந்தை நாங்களே கொண்டுவந்து தருகிறோம் என்று எழுதி, போன் நம்பரைப் பெரிய எழுத்தில் போட்டோம்.

எல்லா மருந்துக்கும் இப்படி எழுதிவிட முடியாது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைப் பலிகொண்ட இருமல் மருந்தை நினைத்துப் பாருங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனை காட்டியது. அங்கே முதல் வரி ‘இனி ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள்’ என்றுதான் இருக்க முடியும். 2018 ஜூலையில் ரத்த அழுத்த மருந்தான வால்சார்டானில் என்.டி.எம்.ஏ. என்ற மாசு கண்டுபிடிக்கப்பட்டது. அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அதிகபட்ச அளவான 320 மில்லிகிராமை நான்கு ஆண்டுகள் தினமும் சாப்பிட்ட 8,000 பேரில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம் என்று அமெரிக்க நிறுவனம் கணக்கிட்டது. புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டவுடன் யாருக்கும் மாத்திரையைத் தூக்கி எறியத்தான் தோன்றும். ஆனால் மாற்று கிடைக்கும்வரை நிறுத்தாதீர்கள் என்றே அந்த நிறுவனம் சொன்னது. ரத்த அழுத்தம் எகிறினால் வரும் பக்கவாதத்துக்கு நான்கு ஆண்டுகள் ஆகாது, நான்கு நாளே போதும்.

இனி மருத்துவர்களுக்குப் போகும் கடிதத்துக்கு வருகிறேன். நோயாளிக்குப் போனதையே பிரதி எடுத்து மருத்துவருக்கும் அனுப்பினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ஏன் என்பதற்கு ஒரு நடந்த கதை சொல்கிறேன், கவனித்துக் கேளுங்கள்.

லாரி ஓட்டுநரின் உதவியாளர் ஒருவர், ஒரு நாளைக்கு 600 மில்லிகிராமில் இரண்டு ஆண்டுகளாக வலிப்பில்லாமல் இருந்தவர். இந்தப் பேட்ச் மாத்திரையைச் சாப்பிட்ட காலத்தில் இரண்டு முறை வலிப்பு வந்தது. வெளியூரில் ஒரு மருத்துவர் பார்த்துவிட்டு, மருந்து போதவில்லை என்று அளவை 1,000 ஆக்கினார். அவர் செய்தது சரிதான், மாத்திரை கரையவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிறகு எங்களிடமிருந்து நல்ல மாத்திரை வாங்கிப்போய் அதே 1,000-ஐச் சாப்பிட்டார். இப்போது அத்தனையும் கரைந்து ரத்தத்துக்குப் போயிற்று. ஒரு வாரத்தில் தள்ளாட்டம், தூக்கக் கலக்கம், எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிவது. குடித்துவிட்டு வருகிறான் என்று வீட்டில் திட்டியிருக்கிறார்கள். அவருடைய அம்மாதான், “என் பையன் குடிக்க மாட்டான்யா” என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார். ரத்தத்தில் இந்த மருந்து ஒரு மில்லிலிட்டருக்கு 4 முதல் 12 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். அவருக்கு 15 இருந்தது.

கெட்ட பேட்ச் ஒரு தீங்கு செய்தது. அதை மாற்றிக்கொடுத்த நல்ல பேட்ச் இன்னொரு தீங்கு செய்தது. மருத்துவருக்குப் போகும் கடிதம் இதைத் தடுக்கத்தான். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை உங்கள் நோயாளிகளில் யாருக்காவது அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வந்ததா, யாருக்காவது அளவு கூட்டினீர்களா, கூட்டியிருந்தால் நல்ல மாத்திரைக்கு மாறும்போது அளவை மறுபடி பாருங்கள், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று கேட்க வேண்டும். எந்தக் கம்பெனி மாத்திரையை மாற்றாகத் தருகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். கார்பமசிபைன் விஷயத்தில் முடிந்தவரை ஒரே தயாரிப்பிலேயே இருப்பது நல்லது. மெதுவாகக் கரையும்படி செய்த நீடித்த மாத்திரையைச் சாதாரண மாத்திரைக்குப் பதில் கைபோன போக்கில் கொடுத்துவிடவும் கூடாது. அதன்பின் நோயாளிக் கடிதத்திலும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டோம்: ‘சமீபத்தில் எந்த ஊரிலாவது, எந்த மருத்துவராவது உங்களுக்கு இந்த மருந்தைக் கூட்டினாரா? எங்களிடம் சொல்லுங்கள்.’

நேரம் போய்க்கொண்டிருக்கிறது, இருந்தாலும் யாருக்கு அனுப்பினோம் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. எங்களுக்கு வந்தவை 600 அட்டைகள். அலமாரியிலும் வார்டுகளிலும் 190 கிடைத்தன. மீதி 410 அட்டைகள் 61 பேரிடம் போயிருந்தன. பில்லில் பேட்ச் எண் இருக்கிறதே என்பீர்கள். கம்ப்யூட்டர் ஒரு பேட்சைக் காட்டும், அவசரத்தில் கை பக்கத்தில் இருக்கும் இன்னொன்றை எடுத்துவிடும். ஆகவே அந்தப் பேட்ச் வந்த நாள் முதல் பூட்டிய நாள்வரை கார்பமசிபைன் வாங்கிய அத்தனை பேரையும் அழைத்தோம், அது 61-ஐவிட அதிகம். பல போன்கள் மகனுடையவை, மகன் வேறு ஊரில். மூன்று பேரை அந்தந்த ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர்களின் உதவியோடுதான் கண்டுபிடிக்க முடிந்தது.

ஆட்களைப் பிடித்தபின்னும் ஒரு சிக்கல். “எண்ணைப் படிங்கம்மா” என்றால், “எண் இல்லையே சார்” என்பார்கள். பேட்ச் எண்ணும் காலாவதி மாதமும் பெரும்பாலும் அட்டையின் ஒரு முனையில்தான் அச்சாகியிருக்கும். மாத்திரையை அந்த முனையிலிருந்து பிய்க்க ஆரம்பித்தால் முதல் நாளே எண் போய்விடும். கடையில் ஆறு மாத்திரை கேட்டு வெட்டி வாங்கினால் எண் கடையிலேயே தங்கிவிடும். அதற்காகவே, ‘எண் கிழிந்திருந்தால் அதே பேட்ச் என்று வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிடுங்கள்’ என்றும் கடிதத்தில் எழுதினோம்.

நேயர்களே, இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது எண் இல்லாத முனையிலிருந்து பிய்த்துக் கொடுப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த எண் கடைசி மாத்திரைவரை அட்டையோடு இருக்கட்டும். என்றாவது என்னைப் போன்ற ஒருவர் போன் செய்து கேட்டால், நீங்கள் அதைப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.