லிங்க் ஸ்பேம் ஆன கதை

இன்னைக்கு என் சொந்தக் கதை. கையால தைச்ச நோட்டுப் புத்தகம் விக்கிற சின்ன வெப்சைட் எனக்கு இருக்கு. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாடி, பயோல இருந்த அந்த லிங்க்கை ஆப் தூக்கிடுச்சு. திரும்பப் போட்டா, ‘இது ஸ்பேம்’னு சொல்லுது. எனக்கு வர்ற ஆர்டர்ல பெரும்பங்கு அந்த லிங்க் வழியாத்தான்.

முதல்ல நான் செஞ்சது தப்பு. லிங்க்கைச் சுருக்கித் தர்ற சேவையில போட்டு, புது லிங்க்கை ஒட்டினேன். அதுவும் பிளாக். சுருக்கின லிங்க் கடைசியில எங்க போகுதுன்னு ஆப் பார்க்கும். அதனால ஒளிச்சு வைக்கிற முயற்சி இன்னும் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

‘என் சைட் சுத்தமானது’ன்னு கோவமா அப்பீல் எழுதப் போனேன். வெப் வேலை செய்யற தோழி தடுத்தா. “இருடி, முதல்ல வேற யாராவது உன் சைட்டைக் குறிச்சிருக்காங்களான்னு பாரு”ன்னா. ரெண்டு இடத்துல பார்த்தோம். ஒண்ணு, கூகுளோட சேஃப் பிரவுசிங் பக்கம்:

```
transparencyreport.google.com/safe-browsing/search
```

இன்னொண்ணு வைரஸ்டோட்டல். அதுல முகவரியைப் போட்டா, பல பாதுகாப்பு நிறுவனங்கள் அதைப் பத்தி என்ன சொல்லுதுன்னு ஒரே இடத்துல தெரியும். ரெண்டுலயும் என் சைட் சிவப்பு!

ஆனா என் லேப்டாப்ல சைட் நல்லாத்தான் திறந்துச்சு. தோழி தன் போன்ல, மொபைல் டேட்டாவுல, கூகுள்ல தேடி உள்ள போனா. நேரா ஒரு சூதாட்டப் பக்கம்! ரெண்டாவது தடவை போனா ஒண்ணுமே இல்ல. பழைய ப்ளகின் ஒண்ணு வழியா யாரோ உள்ள வந்து, போன்ல தேடி வர்ற புது ஆட்களை மட்டும் திருப்பி விடற மாதிரி கோடு வெச்சிருந்தாங்க. ஓனர் கண்ணுல படவே படாது.

சுத்தமான பேக்கப்பைப் போட்டு, அந்த ப்ளகினைத் தூக்கி, எல்லா பாஸ்வேர்டையும் மாத்தினோம். எனக்குத் தெரியாத அட்மின் கணக்கு ஒண்ணு இருந்துச்சு, அதையும் அழிச்சோம். அப்புறம் கூகுள் சர்ச் கன்சோல்ல Security Issues பக்கத்துல Request Review கொடுத்தேன். அதுல என்ன பிரச்சினை, என்ன செஞ்சோம், இப்போ எப்படி இருக்கு, இந்த மூணை மட்டும் எழுதினேன். சில நாள்ல கூகுள் விடுவிச்சுது.

அதோட முடியல. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிப் பட்டியல் வெச்சிருக்கு. வைரஸ்டோட்டல் அதைக் காட்டும், ஆனா தானா நீக்காது. சிவப்பு காட்டின ஒவ்வொருத்தருக்கும் தனியா எழுதினேன். எல்லாம் பச்சையான பிறகுதான் ஆப்புக்கு அப்பீல் போட்டேன். லிங்க் திரும்ப வந்தப்போ பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் ஆயிருந்துச்சு.

உங்க லிங்க் பிளாக் ஆனா, அப்பீலுக்கு முன்னாடி வேற ஒருத்தர் போன்ல, மொபைல் டேட்டாவுல, தேடித் திறக்கச் சொல்லுங்க. நிஜமாவே தப்பாக் குறிச்சிருந்தா அப்பதான் உறுதியா வாதாட முடியும்.