நான்கு விரல் இடைவெளி
(குன்னூரில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எஸ்டேட் பகுதிப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால், கொழுந்து பறிக்கும் தாய்மார்கள் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் நிற்பார்கள். என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் பதினாலு என்று நாம் சொல்கிறோம். அது அவர்கள் காதில் பதினாறு என்று விழுந்தால், ஒரு பிள்ளையின் உதவித்தொகை வாய்ப்பு அங்கேயே போய்விடும். ஆகவே மைக்கில் பேசுவதைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள இடைவெளி இரண்டு மடங்கானால், மைக்குக்குச் சேரும் குரல் ஏறத்தாழப் பாதியாகிவிடும். 5 செ.மீ. தூரத்தில் முழுதாகக் கேட்கும் குரல், 10 செ.மீ. தூரத்தில் பாதி, 20-இல் கால், 40-இல் அரைக்கால் பங்கு. மைக்கை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் பேசுகிறவர் இந்த 40 செ.மீ.யில்தான் இருக்கிறார். அப்போது மைக் செட்காரர் என்ன செய்வார்? சத்தத்தைக் கூட்டுவார். குரலோடு சேர்ந்து பிள்ளைகளின் பேச்சும் காற்றின் இரைச்சலும் கூடும். ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தமே மீண்டும் மைக்குக்குள் புகுந்து 'கூ' என்று ஊளையிடும். இதற்கு மருந்து சத்தத்தைக் கூட்டுவதில் இல்லை. மைக்கை அருகே கொண்டுவருவதில்தான் இருக்கிறது. நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் வரும் அகலமே சரியான இடைவெளி. உதட்டில் ஒட்டிப் பிடித்தால் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் கனத்து, சொற்கள் தெளிவிழக்கும்.

அருகே வந்ததும் அடுத்த சிக்கல் எழும். உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்து 'பப்பாளி' என்று சொல்லிப் பாருங்கள். காற்று கையில் வந்து மோதும். அதே காற்று மைக்கில் மோதும்போதுதான் 'டப்' என்ற வெடிப்பு கேட்கிறது. 'அன்பு', 'நண்பர்' என்னும் சொற்களில் மெல்லினத்தின் பின் வரும் பகரம் மென்மையாக ஒலிப்பதால் அவ்வளவாக வெடிக்காது. சொல்லின் முதலில் வரும் பகரமும் இரட்டித்த பகரமும்தான் வெடிக்கும். நம் மேடைச் சொற்களையோ பாருங்கள்: பள்ளி, பெற்றோர், பரிசு, பாராட்டு! மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல், இடைவெளியை மாற்றாமல் வாயின் ஓரத்துக்கு நகர்த்தி, முகப்பை வாயை நோக்கிச் சாய்த்து வையுங்கள். காற்று நேராகப் போய்விடும். குரல் மட்டும் மைக்கில் விழும்.

ஆகஸ்ட் 15 நம் ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வருகிறது. திறந்த மைதானத்தில் காற்று மைக்கில் அடிப்பதும் இதே வகைக் கோளாறுதான். ஸ்பாஞ்சு உறை போட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் நம் உடலே மைக்குக்கு மறைப்பாகும்.

கை மைக்கா, காலர் மைக்கா? கை மைக் முகத்தோடு சேர்ந்து திரும்பும், இடைவெளி மாறாது. அதன் வலைத்தலையை மட்டும் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள், ஊளை கூடும். கரும்பலகையில் எழுதவோ செய்து காட்டவோ இரண்டு கையும் வேண்டுமென்றால் காலர் மைக் நல்லது. முகவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில் மாட்ட வேண்டும். நம் ஊர்க் குளிரில் சால்வை, மப்ளர், ஸ்வெட்டர் எல்லாம் அதன்மேல் உரசிச் 'சரசர' என்னும். மேலே போர்த்தியிருப்பதன் வெளிப்புறத்திலேயே மாட்டுங்கள். அடையாள அட்டையையும் நீளச் சங்கிலியையும் ஒதுக்கிவிடுங்கள். காலர் மைக் பெரும்பாலும் எல்லாப் பக்கத்து ஒலியையும் எடுப்பதால் ஒலிபெருக்கிக்கு முன்னே போனால் எளிதில் ஊளையிடும். எந்த மைக்கானாலும் ஒலிபெருக்கிக்குப் பின்னால் நிற்பதே நல்லது.

கடைசியாக, சோதனை. மைக்கைத் தட்டுவதும் ஊதுவதும் அதற்குள்ளிருக்கும் மெல்லிய தகட்டுக்குக் கேடு. 'ஹலோ, ஒன், டூ, த்ரீ' என்பதால் மைக் வேலை செய்கிறது என்பது தெரியும். பேச்சு புரிகிறதா என்பது தெரியாது. கூட்டம் தொடங்க அரைமணி நேரம் முன்பே, பேசப்போகிறவரே, பேசப்போகும் குரலிலேயே, தேதியும் தொகையும் உள்ள இரண்டு வரிகளைப் படிக்கட்டும். ஒரு மாணவியைக் கடைசி வரிசையில் நிறுத்தி, கேட்டதைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். பதினாலு என்றது பதினாறு என்று எழுதப்பட்டிருந்தால், முதலில் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். பிறகு சத்தத்தைத் தொடுங்கள். அரங்கு நிறைந்ததும் உடைகளும் உடல்களும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது சற்றே கூட்ட வேண்டியிருக்கும் என்று மைக் செட்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.